கம்பி விலை ஏறினால் யார் கொடுப்பது?

விலையேற்ற விதி என்பது, வேலை நடந்துகொண்டிருக்கும்போது பொருள்களின் விலையோ கூலியோ மாறினால் ஒப்பந்தத் தொகையையும் அதற்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ இடம்தரும் ஒப்பந்தப் பிரிவு. கட்டுமானத் துறையில் இதை 'எஸ்கலேஷன்' என்றே சொல்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும் அரசுக் கட்டடம், பாலம், சாலை வேலைகளில்தான் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஆறு மாதத்தில் முடிகிற வேலைக்கு இது பொதுவாகக் கிடையாது. அந்தக் குறுகிய காலத்து விலை மாற்றத்தை ஒப்பந்ததாரரே கணித்து விலை கோர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தப் பிரிவின் பெறுமதி இந்தியாவில் பலருக்கும் தெரிந்தது 2020 இறுதியிலிருந்து 2022 நடுப்பகுதி வரையிலான காலத்தில். கொரோனா முடக்கம் தளர்ந்ததும் உருக்குக்கான தேவை திடீரென்று எழுந்தது. இரும்புத்தாதும் நிலக்கரியும் விலை ஏறின. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் உருக்காலைக்கான நிலக்கரி இன்னும் எட்டாத உயரத்துக்குப் போனது. முடக்கக் காலத்து விலையை மனத்தில் வைத்து டெண்டர் போட்டவர்கள், அதே கம்பியை ஒன்றரை மடங்குக்கும் மேலான விலைக்கு வாங்கிக் கட்ட வேண்டியிருந்தது. 2022 மே மாதம் மத்திய அரசு உருக்கு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்த பிறகுதான் உள்நாட்டு விலை இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் பல ஒப்பந்ததாரர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, எஸ்கலேஷன் பிரிவு இருக்கிறதா, இருந்தால் என்ன சொல்கிறது என்று வரிவரியாகப் படிக்க நேர்ந்தது.

படித்தவர்களில் பலருக்கு ஏமாற்றம். காரணம், அந்தப் பிரிவு ஒப்பந்ததாரரின் நஷ்டத்தை ஈடுசெய்வதில்லை. கடையில் அவர் கொடுத்த விலை என்ன என்று அது கேட்பதே இல்லை. அரசு வெளியிடும் ஒரு குறியீட்டெண் எத்தனை சதவீதம் நகர்ந்தது என்பது மட்டுமே அதற்குத் தேவை. மற்றதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதே.

மத்திய பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். நாடு முழுவதும் பல அரசு அமைப்புகள் இந்த நிபந்தனைகளையோ இவற்றை ஒட்டிய வடிவத்தையோ பின்பற்றுகின்றன. அதில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 10சிஏ என்பது சிமெண்ட், கம்பி போன்று ஒப்பந்த அட்டவணையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பொருள்களுக்கு. 10சிசி என்பது மீதிப் பொருள்களுக்கும் கூலிக்கும். பின்னது, அட்டவணையில் எழுதியிருக்கும் கால அளவைத் தாண்டிய ஒப்பந்தங்களுக்குத்தான் பொருந்தும். இந்தக் கால அளவு இப்போது பெரும்பாலும் 12 மாதம்.

கம்பிக்கான கணக்கு இது:

```
V = P × Q × (CI − CI0) / CI0
```

இதில் P என்பது துறை முன்கூட்டியே அறிவித்த அடிப்படை விலை. டெண்டர் ஆவணத்திலேயே ஒரு டன் கம்பிக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். Q என்பது முந்தைய பில்லுக்குப் பிறகு, வேலைக்கு உண்மையாகவே தேவைப்பட்டு, தளத்துக்கு வந்து இறங்கிய அளவு. CI0 என்பது டெண்டர் பெறக் கடைசி நாளில் இருந்த மொத்த விலைக் குறியீட்டெண். CI என்பது கணக்குப் பார்க்கும் காலத்தின் குறியீட்டெண். இந்த எண்களை வெளியிடுவது மத்திய வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் உள்ள பொருளாதார ஆலோசகர் அலுவலகம். V என்பது கைக்கு வர வேண்டிய தொகை.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக வைத்தவை. 24 மாதத்தில் முடிக்க வேண்டிய ஒரு மருத்துவமனைக் கட்டடம். துறை அறிவித்த அடிப்படை விலை, டன் கம்பிக்கு 45,000 ரூபாய். போட்டியில் வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்பதற்காக ஒப்பந்ததாரர் கம்பியை 42,000 ரூபாய்க்குக் கணக்கிட்டு விலை கோரியிருக்கிறார். டெண்டர் நாளில் கம்பியின் குறியீட்டெண் 110. பதினெட்டு மாதம் கழித்து 200 டன் கம்பி இறக்கும்போது அது 154. அதாவது 40 சதவீத ஏற்றம். விதிப்படி கிடைப்பது 45,000 பெருக்கல் 200 பெருக்கல் 0.40, ஆக 36 லட்சம் ரூபாய்.

அவர் உண்மையில் ஒரு டன்னுக்குக் கொடுத்த விலை 68,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனக்கணக்கின்படி டன்னுக்கு 26,000 ரூபாய் நஷ்டம். 200 டன்னுக்கு 52 லட்சம். கிடைப்பது 36 லட்சம்தான். துண்டு விழும் 16 லட்சம் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகிறது. டன்னுக்கு 3,000 வீதம் 6 லட்சம், டெண்டரில் அவரே இறக்கிக் கோரிய தொகை. அடிப்படை விலையிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். அவர் உள்ளுக்குள் வைத்திருந்த விலையிலிருந்து அல்ல. மீதி 10 லட்சம், குறியீட்டெண்ணுக்கும் சந்தைக்கும் உள்ள இடைவெளி. 45,000 ரூபாய் 40 சதவீதம் ஏறினால் 63,000 ஆகும். அவர் கொடுத்ததோ 68,000.

இந்த இடைவெளிக்கு யாரும் ஏமாற்றியதாக அர்த்தம் இல்லை. குறியீட்டெண் நாடு முழுவதற்குமான சராசரி. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட வாரத்தில், குறிப்பிட்ட கம்பெனிக் கம்பிக்கு இருந்த விலை அதில் தெரியாது. லாரி வாடகை, டீலரின் லாபம் எல்லாம் அதற்குள் அப்படியே வந்துவிடாது. 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் மறைமுக வரிகளும் சேர்வதில்லை. அதனால் வரி ஏறினால் அதை எஸ்கலேஷனில் தேடிப் பயனில்லை. வரி மாற்றத்துக்கு ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு இருக்கும், அதன்படி தனியாகக் கேட்க வேண்டும். 2022 ஜூலையில் பல அரசுக் கட்டுமான வேலைகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து கேட்டவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே சிக்கலாக்கிக்கொண்டார்கள்.

இதே ஏற்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேறொரு ஒப்பந்ததாரர் ஆலையில் நேரடியாகப் பேசி 60,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அவருக்கும் அதே 36 லட்சம்தான். அவருக்கு 63,000 வரை ஈடு கிடைக்கிறது. டன்னுக்கு 3,000 ரூபாய் அவர் சாமர்த்தியத்துக்கான கூலி. வாங்கிய பில்லை அப்படியே அரசு கொடுத்துவிடும் என்றால் யாரும் பேரம் பேச மாட்டார்கள், பொய் பில்லும் பெருகும். குறியீட்டெண்ணை நடுவில் வைத்ததற்கு இதுவே நியாயம். அந்த நியாயம் சரியானதுதான். ஆனால் விலை வெறிகொண்டு ஓடும் மாதங்களில் அதன் சுமை சிறிய ஒப்பந்ததாரர் மேல் அதிகம் விழுகிறது. மொத்தமாக வாங்கப் பணமோ ஆலையோடு தொடர்போ அவருக்கு இருப்பதில்லை.

வாங்கிய பில் தேவையே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. அது விலையைக் காட்டுவதற்காகக் கேட்கப்படுவதில்லை. எவ்வளவு, எப்போது, எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதைக் காட்டுவதற்காக. கட்டட வரைபடத்தின்படி தேவைப்படும் கம்பியைவிட அதிகமாக இறக்கியிருந்தால் அந்த மிகுதிக்கு ஈடு கிடையாது. ஜனவரியில் வந்த லோடை மார்ச் மாத உச்ச விலைக் காலத்தில் வந்ததாகக் காட்டினாலும் தளத்துப் பதிவேட்டில் அகப்பட்டுவிடும். தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் புரட்டுவது இந்தப் பதிவேட்டையும் எடைச்சீட்டையும்தான்.

கம்பிக்கும் சிமெண்டுக்கும் அப்பால் ஜல்லி, செங்கல், மரம், டைல்ஸ், பெயிண்ட் என்று ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்குப் போட முடியாது. அதனால் 10சிசி வேறு வழியில் போகிறது. மூன்று மாதத்தில் நடந்த வேலையின் மதிப்பை எடுத்து, அதில் 85 சதவீதத்தை மட்டும் கணக்குக்குச் சேர்க்கிறது. மீதி 15 சதவீதம் விலை ஏறினாலும் இறங்கினாலும் அசையாது; ஒப்பந்ததாரரின் லாபமும் நிர்வாகச் செலவும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை எனலாம். அந்த 85க்குள் பொருளுக்கு இத்தனை பங்கு, கூலிக்கு இத்தனை பங்கு என்று அட்டவணை முன்பே சொல்லியிருக்கும். காலாண்டு வேலை 2 கோடி ரூபாய் என்றால் கணக்குக்கு வருவது 1.70 கோடி. இதரப் பொருள்களின் பங்கு 40 சதவீதம், அவற்றின் குறியீட்டெண் 10 சதவீதம் ஏறியிருக்கிறது என்றால் ஈடு 6.80 லட்சம். கூலியின் பங்கு 25 சதவீதம், அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி 4 சதவீதம் ஏறியிருக்கிறது என்றால் 1.70 லட்சம். கம்பியும் சிமெண்டும் 10சிஏயில் கணக்காகிவிட்டதால் இங்கே அவற்றுக்குப் பங்கு இருக்காது. ஒரே பொருளுக்கு இரண்டு முறை ஈடு இல்லை.

இந்தப் பங்குகளை நிர்ணயிப்பது டெண்டர் போடும் துறை. ஒரு வேலையில் மரம், அலுமினியம், கண்ணாடி மிகுதி, ஆனால் அட்டவணையில் பொருளுக்கான பங்கு குறைவு என்றால், பிறகு எவ்வளவு வாதாடினாலும் அந்தச் சதவீதம் மாறாது. அதைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே காலம், டெண்டருக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். பங்குச் சதவீதத்தைப் பற்றி வாய்திறப்பவர்கள் குறைவு.

அடிப்படை நாள் எது என்பதும் இதுபோல ஆரம்பத்திலேயே முடிந்துபோகும் விஷயம். இங்கே அது டெண்டர் பெறக் கடைசி நாள். வேலை உத்தரவு கைக்கு வந்த நாளோ மண் தோண்டத் தொடங்கிய நாளோ அல்ல. உலக வங்கிக் கடன் வேலைகளிலும் பன்னாட்டு ஒப்பந்தங்களிலும் பயன்படும் ஃபிடிக் நிபந்தனைகளில் அது டெண்டர் கடைசி நாளுக்கு 28 நாள் முந்தைய தேதி. டெண்டருக்கும் வேலை உத்தரவுக்கும் நடுவே அரசு அலுவலகத்தில் ஐந்து மாதம் கோப்பு தூங்கினால், அந்த ஐந்து மாத விலையேற்றமும் கணக்குக்குள் வந்துவிடும் என்பது ஒப்பந்ததாரருக்கு ஓர் ஆறுதல்.

கேட்கும் முறை எளிதானதே, ஆனால் விட்டுவிடுவதும் எளிது. பட்டியல் பில்லோடு, அதாவது வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்லோடு, எஸ்கலேஷன் கணக்கைத் தனித்தாளாக இணைத்து செயற்பொறியாளரிடம் கொடுக்க வேண்டும். குறியீட்டெண் முதலில் தற்காலிகமாகவும் பிறகு இறுதியாகவும் வெளிவருவதால், முதலில் தற்காலிக எண்ணில் கொடுத்துவிட்டு, பின்னால் வரும் பில்லில் கூட்டியோ கழித்தோ சரிசெய்வார்கள். இறுதி பில்லில் மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு ஆண்டு காத்திருப்பவருக்கு இரண்டு ஆபத்து. கைமுதல் வற்றிப்போகும். அதோடு, இறுதி பில்லில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அந்தக் கையெழுத்தே எதிர்வாதமாக வந்து நிற்கும்.

சண்டை அதிகம் வருவது தாமதத்தில். 24 மாத வேலை 36 மாதம் ஆகிறது. கடைசி 12 மாத விலையேற்றத்துக்கு யார் பொறுப்பு? துறை இடத்தை ஒப்படைக்கத் தாமதித்தது, வரைபடம் தரவில்லை, மின்கம்பத்தை நகர்த்தவில்லை என்றால் கால நீட்டிப்பு நியாயமானது, எஸ்கலேஷனும் தொடரும். ஆள் போதவில்லை, இயந்திரம் பழுது என்று ஒப்பந்ததாரர் பக்கத்துக் காரணம் என்றால் தொடராது. பல ஒப்பந்தங்கள் முடிக்க வேண்டிய நாளின் குறியீட்டெண், வேலை நடந்த மாதத்தின் குறியீட்டெண் இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. தன் தாமதத்தால் யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது.

ஆகவே யார் காரணம் என்பதைக் காட்டும் தடைப் பதிவேடு பணத்துக்குச் சமம். எந்தத் தேதியில் என்ன தடை, எந்தத் தேதியில் நீங்கியது என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட புத்தகம் அது. தளத்தில் இது வாராவாரம் எழுதப்பட வேண்டியது. நடைமுறையில் கால நீட்டிப்புக் கோப்பு போடும் மாதத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முழுதும் எழுதப்படுவது உண்டு. மத்தியஸ்தர் முன் அந்தப் புத்தகம் போனால் மையின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவும் இங்கே முக்கியம். குறித்த காலத்தில் செய்ய வேண்டியதை மற்றவர் தாமதமாகச் செய்து, அதை ஆட்சேபம் சொல்லாமல் ஏற்றுக்கொண்டவர், பின்னால் அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. கால நீட்டிப்பு வாங்கும் கடிதத்திலேயே 'கூடுதல் செலவுக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு வரி சேர்ப்பது இதனால்தான்.

நீண்ட வேலைகளில் இன்னொரு விசித்திரமும் நடந்திருக்கிறது. 2017 மே மாதம் மொத்த விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2004-05இலிருந்து 2011-12க்கு மாறியது. பழைய வரிசையில் 180ஐத் தாண்டியிருந்த பொது எண், புதிய வரிசையில் 113 வாக்கில் நின்றது. விலை இறங்கிவிடவில்லை, அளக்கும் கோல் மாறியது. 2016இல் டெண்டர் போட்ட வேலைக்கு 2018இல் எஸ்கலேஷன் போடுபவர் இரண்டு எண்ணையும் அப்படியே சூத்திரத்தில் வைத்தால், ஒப்பந்ததாரரிடமிருந்து அரசு பணம் பிடிக்க வேண்டும் என்று விடை வரும். புதிய எண்ணை இணைப்புக் காரணியால் பெருக்கிப் பழைய வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். பொது எண்ணுக்கு அந்தக் காரணி 1.561. பொருள் வகைக்கு வகை இது மாறும். கணக்கில் திடீரென்று பெரிய கழிவு தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

உண்மையாகவே கழிவு வருவதும் உண்டு. விதி இரு பக்கமும் வெட்டும். 2022 ஏப்ரல் வாக்கில், கம்பி உச்சத்தில் இருந்தபோது டெண்டர் போட்டவருக்கு CI0 மிக உயரமான எண். ஏற்றுமதி வரிக்குப் பிறகு விலை இறங்க, சூத்திரத்தின் விடை எதிர்மறையாகிவிடும்; அந்தத் தொகையைத் துறை பில்லில் பிடித்துக்கொள்ளும். மலிவு விலைக்கு வாங்கித்தான் அவர் கட்டியிருப்பார் என்பதால் இது நியாயமே. ஆனால் விலை இன்னும் ஏறும் என்று பயந்து உச்சத்திலேயே கம்பியை டீலரிடம் வாங்கி வைத்து, சில மாதம் கழித்துத் தளத்தில் இறக்கியவர் இரண்டு பக்கமும் அடிபடுவார்.

ஒப்பந்தத்தில் எஸ்கலேஷன் பிரிவே இல்லை என்றால் என்ன? விலை ஏறியதைக் காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தத்துக்குத்தான் விடுதலை தருகிறது. நஷ்டமாகிப்போன ஒப்பந்தத்துக்கு அல்ல. 1960இல் உச்ச நீதிமன்றம் அலோபி பர்ஷாத் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுத்த நிறுவனம், போரினால் நிலைமை தலைகீழானதால் ஒப்பந்தத்தில் கண்ட விகிதத்துக்கு மேல் கேட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. இதற்கு ஒரு விலக்கு, தாமதம் வேலை கொடுத்தவரால் நேர்ந்த இடம். கேரளத்தில் ஒரு கால்வாய் வேலையில், எஸ்கலேஷன் பிரிவு இல்லாதபோதும், அரசுத் தரப்பால் வேலை இழுத்துப்போனதற்கு மத்தியஸ்தர் கூடுதல் விலை கொடுத்தார். கே.என். சத்தியபாலன் வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்றது. அங்கே கிடைத்தது விலை ஏறியதற்கான ஈடு என்பதைவிட, வாக்குத் தவறியதற்கான இழப்பீடு என்பதே பொருத்தம். எஸ்கலேஷன் கிடையாது என்று வெளிப்படையாக எழுதிய ஒப்பந்தத்தில் இந்த வாதம் இன்னும் கடினமாகும்.

சொந்த வீடு கட்டுபவர்கள் மேஸ்திரியோடும் பொறியாளரோடும் போட்டுக்கொள்ளும் சதுர அடிக் கணக்கு ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு பெரும்பாலும் இருப்பதில்லை. விலை ஏறியதும் பாதியில் வேலை நிற்பது இதனால்தான். இங்கே குறியீட்டெண்ணும் சூத்திரமும் தேவைப்படாது. கையெழுத்திடும் நாளில் சிமெண்ட் மூட்டை என்ன விலை, கம்பி கிலோ என்ன விலை, எந்தக் கடையின் விலை அது என்பதை எழுதிவைத்து, அதிலிருந்து 5 சதவீதம் வரை ஏறினால் கட்டுபவர் பொறுப்பு, அதற்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தருவார், இறங்கினால் அதேபோல் கழித்துக்கொள்வார் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். மொத்த வேலைக்கு எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்ற மதிப்பீட்டையும் கூடவே எழுத வேண்டும். அளவுக்கு ஒரு வரம்பு இல்லாவிட்டால் விலைக்குப் போட்ட வரம்பால் பயன் இராது.